பரிந்துரைக் கடிதத்தில் ஒரு பத்தரை மணி

மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவிக்காகப் பேராசிரியர் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறார். அவள் இறுதியாண்டு புராஜெக்ட், ஒரு சிறிய கிளினிக்கிற்கான முன்பதிவு மென்பொருள். ‘கடின உழைப்பாளி’ என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். அவள் தீர்த்த ஒரு சிக்கலை எழுதினால் அது அவளுக்கு மட்டுமே பொருந்தும்.

உதாரணமாக, பத்தரை மணி டோக்கனை இரண்டு பேர் ஒரே நொடியில் கேட்கிறார்கள். இடம் காலியா என்று மென்பொருள் முதலில் பார்க்கிறது, பிறகுதான் பதிகிறது. அந்தச் சிறு இடைவெளியில் இருவருக்குமே ‘காலி’ என்ற பதில் போய்விடும். தனியாகச் சோதிக்கும்போது இந்தப் பிழை தெரியாது. காத்திருப்போர் பெஞ்சில் இருவர் ஒரே நேரத்துக்கு வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

மாணவி ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளை அனுப்பிப் பார்த்து இதைக் கண்டுபிடித்தாள். ஒரு மருத்துவருக்கு ஒரு நேரத்தில் ஒரு பதிவுதான் என்ற விதியைத் தரவுத்தளத்திலேயே வைத்தாள். இப்போது இரண்டாவது பதிவைத் தரவுத்தளமே மறுத்துவிடும்.

கடிதத்தில் இதை நான்கைந்து வரிகளில் எழுதலாம். குழுவாகச் செய்த வேலை என்றால், இந்தப் பகுதி அவளுடையது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பேராசிரியர் தாமே பார்த்ததா, அவள் சொல்லிக் கேட்டதா என்பதும் தெரிய வேண்டும். குறுஞ்செய்தி நினைவூட்டல் முடியாமல் நின்றிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதலாம். குறையையும் சொல்லும் கடிதத்தின் பாராட்டைத்தான் தேர்வுக்குழு நம்பும்.