கிராஜுவிட்டி கேட்டு எழுதும் கடிதம்

"ஐயா, பத்து வருஷமா உங்க கம்பெனிக்கு உழைச்சேன். குடும்பக் கஷ்டம். என் கிராஜுவிட்டி பணத்தைக் கருணை கூர்ந்து தந்து உதவணும்." பழைய முதலாளிக்குப் போகும் பல கடிதங்கள் இப்படித்தான் இருக்கின்றன. இதைப் படிக்கும் கணக்குப் பிரிவு ஊழியருக்கு எந்தத் தேதி, எவ்வளவு தொகை என்று ஒன்றும் தெரியாது. கடிதம் ஃபைலுக்குள் போய்விடும். கேட்பது சட்டப்படி சேர வேண்டிய பணம். அங்கே கருணைக்கு இடமில்லை.

ஓர் உதாரணத்தை வைத்துத் திருத்தி எழுதுவோம். வேலையில் சேர்ந்தது 2.6.2014, விலகியது 31.1.2024. ஐந்து ஆண்டுகளைத் தாண்டியதால் உரிமை உண்டு. மொத்தம் 9 ஆண்டு, ஏறத்தாழ 8 மாதம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகக் கணக்கில் வரும் என்பதால் 10 ஆண்டு. இந்த ஓர் ஆண்டைப் பலர் கோட்டை விடுகிறார்கள்.

அடுத்து சம்பளம். கையில் வாங்கிய மொத்தத் தொகையைப் போடக் கூடாது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் மட்டுமே. வீட்டு வாடகைப்படி சேராது. (21.11.2025 முதல் புதிய சட்டத் தொகுப்பு நடைமுறையில் உள்ளது. அதன்பின் விலகியவர்களுக்கு, படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் சம்பளத்தில் சேரும்.) இவருக்கு இரண்டும் சேர்ந்து ரூ.20,800. மாதத்துக்கு 30 நாள் அல்ல, 26 நாள்தான் கணக்கு. ஆகவே ஒரு நாள் சம்பளம் ரூ.800, ஆண்டுக்கு 15 நாள் வீதம் ரூ.12,000, பத்து ஆண்டுக்கு ரூ.1,20,000.

இப்போது கடிதம் இப்படி ஆகிறது: "2.6.2014 முதல் 31.1.2024 வரை தங்கள் நிறுவனத்தில் பணிபுரிந்தேன். கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் ரூ.20,800. எனக்குரிய பணிக்கொடை 20,800 × 15 ÷ 26 × 10 = ரூ.1,20,000. 30 நாளுக்குள், அதாவது 1.3.2024-க்குள் தந்திருக்க வேண்டிய இத்தொகை இன்னும் வரவில்லை. தொகையையும், 10 சதவீதத் தனிவட்டியையும், 15 நாளுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்தக் கோருகிறேன்."

தாமதம் 30 நாளைத் தாண்டிவிட்டால், வட்டி பணம் சேர வேண்டிய நாளிலிருந்தே ஓடும். இவருக்கு மாதம் ரூ.1,000. நிறுவனம் காலம் கடத்தும்போது அந்தத் தொகை ஏறிக்கொண்டே போவது, கடிதத்தைப் படிப்பவர் கண்ணில் பட வேண்டும்.

"நீங்க முப்பது நாளுக்குள்ள விண்ணப்பம் கொடுக்கலையே" என்று சில நிறுவனங்கள் தட்டிக் கழிக்கும். விண்ணப்பம் வந்தாலும் வராவிட்டாலும் தொகையைக் கணக்கிட்டுத் தெரிவிப்பது நிறுவனத்தின் கடமை. தாமதத்தை மட்டும் காட்டி உரிமையை மறுக்க முடியாது.

பணி விடுவிப்புக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு இரண்டின் நகலையும் இணைத்து, டெலிவரிச் சான்றுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். அதற்கு 1972-ஆம் ஆண்டுச் சட்ட விதிகளின்படி 90 நாள் கெடு என்பதால், இரண்டாவது, மூன்றாவது நினைவூட்டல் என்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டாம்.