சிலிண்டர் பட்டையில் எழுதியிருக்கும் தேதி

சமையல் கேஸ் சிலிண்டரின் படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தால், கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டை ஒன்றின் உட்புறத்தில் ‘B-25’ என்று தெரிகிறது. இதைப் பலரும் கேஸ் காலாவதியாகும் நாள் என்று நினைக்கிறார்கள். கேஸ் காலாவதியாவதில்லை. இரும்புக் கலத்துக்கு அடுத்த சோதனை எப்போது என்பதையே இது சொல்கிறது.

A என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. B ஜூன் வரை. C செப்டம்பர் வரை. D டிசம்பர் வரை. பக்கத்தில் இருப்பது ஆண்டு. ஆக, இந்தச் சிலிண்டரை 2025 ஜூன் முடிவதற்குள் சோதித்திருக்க வேண்டும். அந்தச் சோதனையில் உள்ளே தண்ணீர் நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றி, கசிவோ வீக்கமோ உண்டா என்று பார்ப்பார்கள். தேறினால் புதிய குறி எழுதப்படும்.

ஆகஸ்டில் இதே சிலிண்டர் வாசலுக்கு வந்தால் வாங்காதீர்கள், மாற்றித் தரச் சொல்லுங்கள். மே மாதம் வாங்கி அடுப்பில் ஓடிக்கொண்டிருப்பது ஜூலை முதல் தேதி வெடித்துவிடாது, பதற வேண்டாம். ஆனால் குறி சரியாக இருந்தாலும் வால்வு கசியலாம். அதை இந்த எழுத்து காட்டாது. டெலிவரி செய்பவர் முன்னாலேயே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.