வீட்டுக் குழாய்களுக்கு ஒரு வரைபடம்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வீடுகள் பலவற்றில் இரண்டு தண்ணீர் உண்டு. நகராட்சி அல்லது ஊராட்சிக் குழாயில் வரும் நல்ல தண்ணீர் கீழ்த்தொட்டியில் விழும். போர் தண்ணீர் உப்பு என்பதால் குளிக்க, துவைக்க, கக்கூசுக்கு. இரண்டும் மொட்டைமாடியில் தனித்தனித் தொட்டிக்கு ஏறும். போர் வற்றினால் நல்ல தண்ணீரை அந்தத் தொட்டிக்கும் ஏற்ற, நடுவில் ஓர் இணைப்புக் குழாயும் வால்வும் வைத்திருப்பார்கள். காபி திடீரென்று கரித்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த வால்வைத்தான்.

வரைபடத்தை மாடியிலிருந்து தொடங்குங்கள். குழாய்கள் கண்ணுக்குத் தெரிவது அங்கேதான். நல்ல தண்ணீருக்கு நீலம், உப்புத் தண்ணீருக்குச் சிவப்பு. தொட்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு குழாயின் வால்விலும் பெயிண்டால் ஓர் எண் எழுதுங்கள். பிறகு ஒன்றை மட்டும் மூடிவிட்டு, வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் திறந்து பாருங்கள். எவை நின்றனவோ அவை அந்த எண்ணுக்கு உரியவை. குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் வடியச் சற்று நேரம் கொடுங்கள். அதற்குப் பிறகும் நூல்போல ஒழுகினால் அந்த வால்வு முழுதாக அடைக்கவில்லை. படத்தில் அதன்மேல் பெருக்கல் குறி போட்டு, முதலில் மாற்றிவிடுங்கள். உப்புப் படிந்த வால்வு மூடியதுபோல் காட்டி ஏமாற்றும். அதை நம்பிச் செய்யும் சோதனை எதுவும் செல்லாது.

ஓர் உதாரணம். இரவு நிரம்பியிருந்த 1,000 லிட்டர் உப்புத் தண்ணீர்த் தொட்டி, யாரும் புழங்காமலே காலையில் 10 செ.மீ. இறங்கியிருக்கிறது. வழக்கமான அளவுத் தொட்டியில் இது ஏறக்குறைய 90 லிட்டர். மறுநாள் இரவு அந்தத் தொட்டியின் வால்வுகள் எல்லாவற்றையும் மூடி, மட்டத்தைக் குறித்து வையுங்கள். அப்போதும் இறங்கினால் பழுது தொட்டியிலோ, மோட்டார் ஏற்றும் குழாயிலோ இருக்கிறது. அந்தக் குழாயின் முனை தண்ணீருக்குள் மூழ்கியிருந்து, கீழே உள்ள வால்வும் சரியாகப் பிடிக்காவிட்டால், ஏற்றிய தண்ணீர் அதே வழியாகத் திரும்பிப் போய்விடும்.

மட்டம் அப்படியே நின்றால் ஒழுக்கு வீட்டுக்குள். அடுத்தடுத்த இரவுகளில் ஒரு நேரத்தில் ஒரு வால்வை மட்டும் திறந்து வைத்துப் பாருங்கள். 3-ஆம் எண்ணைத் திறந்த இரவில் மட்டம் இறங்குகிறது. படத்தில் அது கக்கூசுக்குப் போகும் குழாய். இப்போது சுவரை உடைக்க வேண்டாம். ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் கலர் பொடி கரைத்து, அரைமணி நேரம் யாரும் அழுத்தாமல் பாருங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் போய்விட்டது. உப்புத் தண்ணீரில் இது அடிக்கடி நடக்கும். சத்தமே வராததால் யாருக்கும் தெரிவதில்லை. நிறம் தெரியாவிட்டால்தான் சுவருக்குள் ஓடும் குழாயைச் சந்தேகிக்க வேண்டும்.

சுவருக்குள் போகும் குழாயை, மூலையிலிருந்து எத்தனை அடி, தரையிலிருந்து எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள். எங்கே போகிறதென்று உறுதியாகத் தெரியாத துண்டைப் புள்ளிக்கோடாகவே விடுங்கள். ஆணி அடிக்கவும் துளை போடவும் வருகிறவர் அந்த இடத்தைத் தவிர்த்துக்கொள்வார். படத்தை மோட்டார் சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.