கடைசிப் பக்கத்துக்கு அடுத்த பக்கம்

லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் சீனாய்ச் சுவடி இருக்கிறது. 4-ம் நூற்றாண்டில் தோல் தாளில் எழுதப்பட்டது. புதிய ஏற்பாடு முழுவதும் உள்ள மிகப் பழைய கிரேக்கப் பிரதி இதுதான். அதில் வெளிப்படுத்தல் நூலின் கடைசி வரியைக் கடந்து போய்ப் பாருங்கள். சுவடி அங்கே முடியவில்லை! அதே நான்கு பத்தி வரிசையில் பர்னபாவின் நிருபம் தொடங்குகிறது. அதற்கும் அடுத்து இன்னொரு நூல்: ஹெர்மாஸ் எழுதிய ‘மேய்ப்பன்’. இறையியல் கல்லூரியில் 27 நூல்களின் பெயரை மனப்பாடம் செய்த எவருக்கும் இந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும்.

இந்த ‘மேய்ப்பனின்’ கதையைத்தான் சொல்லப் போகிறேன். திருமுறை எப்படி அமைந்தது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் நூல் வேறு இல்லை.

ஹெர்மாஸ் ரோமில் வாழ்ந்தவர். அடிமையாக ஒரு பெண்மணிக்கு விற்கப்பட்டு, பின்பு விடுதலை பெற்றவர். அவருக்குத் தரிசனங்கள் வருகின்றன. வயதான ஒரு பெண் தோன்றுகிறாள், அவள்தான் திருச்சபை. அடுத்தடுத்த தரிசனங்களில் அவள் இளமையாகிக்கொண்டே போகிறாள்! பிறகு மேய்ப்பன் கோலத்தில் ஒரு தூதன் வந்து கட்டளைகளையும் உவமைகளையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறான். ஞானஸ்நானம் பெற்றபின் பெரும்பாவம் செய்தவனுக்கு வழி உண்டா? நூல் முழுக்க இந்தக் கேள்விதான். உண்டு, ஆனால் ஒரே ஒரு முறை என்கிறது ‘மேய்ப்பன்’.

மக்கள் இதை எப்படி நேசித்தார்கள் தெரியுமா? எகிப்தின் மணலில் கிடைத்த, 3-ம் நூற்றாண்டு வரையிலான பிரதிகளைப் பார்த்தால், மாற்கு நற்செய்தியை விட ‘மேய்ப்பனுக்கே’ அதிகப் பிரதிகள் உள்ளன. லியோன் நகரின் ஆயர் ஐரேனியு இதிலிருந்து ஒரு வரியை எடுத்து, வேதவாக்கியத்துக்குச் சொல்லும் அதே சொல்லால் அறிமுகம் செய்கிறார். ரோமர் 16:14-ல் பவுல் வாழ்த்தும் எர்மாதான் இதை எழுதியவர் என்று ஓரிகன் கருதினார். நூல் தேவ ஆவியால் அருளப்பட்டது என்றும் நினைத்தார். எனக்கு மிகவும் பிடித்த சான்று தெர்த்துல்லியனிடம் இருக்கிறது. ஜெபம் முடித்து ஹெர்மாஸ் கட்டிலில் உட்கார்ந்தார் என்று நூலில் ஓர் இடத்தில் வருகிறது. அதைப் படித்துவிட்டுச் சிலர் ஜெபம் முடிந்ததும் உட்காருவதையே ஒரு வழக்கமாக்கிவிட்டார்கள்! அது வெறும் கதைப்போக்கு, சட்டமல்ல என்று தெர்த்துல்லியன் வாதாட வேண்டியிருந்தது. அவ்வளவு உன்னிப்பாக வாசிக்கப்பட்ட நூல்.

பிறகு ஏன் வெளியே போனது?

இங்கேதான் திரை விலகுகிறது. 1740-ல் மூராத்தோரி என்ற இத்தாலிய அறிஞர், மிலான் நகரின் அம்புரோசியன் நூலகச் சுவடி ஒன்றிலிருந்து தலையும் வாலும் சிதைந்த ஒரு பட்டியலை வெளியிட்டார். ஓட்டை லத்தீனில் 85 வரிகள். மூலம் 2-ம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது என்பது பலரின் கருத்து; 4-ம் நூற்றாண்டு என்று வாதிடுவோரும் உண்டு. அதில் ‘மேய்ப்பன்’ பற்றிய தீர்ப்பு அப்படியே கிடைக்கிறது. இதை நம் காலத்தில், மிகச் சமீபத்தில், ரோமில் ஹெர்மாஸ் எழுதினார். அவருடைய சகோதரர் பியுஸ் அப்போது ஆயராக இருந்தார். ஆகவே இதை வாசிக்க வேண்டியதுதான், ஆனால் சபையில் மக்கள் முன் தீர்க்கதரிசிகளோடோ அப்போஸ்தலரோடோ சேர்த்து வாசிக்கக் கூடாது. இதுதான் சாரம்.

கவனியுங்கள்! நூலில் தப்பு இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. படிக்காதே என்றும் சொல்லவில்லை. காலம்தான் இடித்தது. பியுஸின் ஆயர் காலம் 140-ஐ ஒட்டியது. அப்போஸ்தலர் தலைமுறை மறைந்து வெகுநாளாகிவிட்டது. ‘திருமுறை’ என்பது அடிப்படையில் ஆராதனையில் எது வாசிக்கப்படலாம் என்ற கேள்வி; வீட்டில் எதைப் படிக்கலாம் என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் “ஒதுக்கப்பட்ட நூல்கள்” எல்லாம் ஒளித்துவைக்கப்பட்டவை என்ற எண்ணம் பிறக்கிறது.

தெர்த்துல்லியனும் பின்னாளில் மாறினார். கடுமையான மொந்தானிய இயக்கத்தில் சேர்ந்தபின், விபசாரம் செய்தவருக்கும் மனந்திரும்ப இடம் கொடுக்கும் இந்த நூலை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. விபசாரிகளின் மேய்ப்பன் என்றே திட்டினார். அது அவருடைய சொந்தச் சண்டை. மூராத்தோரிப் பட்டியலின் காரணத்தோடு அதைக் கலக்காதீர்கள்.

உள்ளடக்கத்துக்காகவே தள்ளப்பட்ட நூலும் உண்டு. அதன் கதை இன்னும் சுவையானது. 200-ஐ ஒட்டி அந்தியோகியாவின் ஆயராக இருந்த செராப்பியோன், ரோசூஸ் என்ற கடலோர ஊர்ச் சபைக்குப் போகிறார். பேதுருவின் பெயரில் ஒரு நற்செய்தியை வாசிப்பதா வேண்டாமா என்று அங்கே சின்னச் சண்டை. சபையார் நல்ல விசுவாசத்தில் இருப்பதாக நம்பி, நூலைப் படித்துப் பார்க்காமலேயே, “வாசியுங்கள்” என்று அனுமதித்துவிட்டார்! பிறகு வேறு செய்தி வந்தது. கிறிஸ்துவின் உடல் வெறும் தோற்றம்தான் என்ற போதனையோடு தொடர்புடையவர்களிடமே ஒரு பிரதியை இரவல் வாங்கி முழுக்கப் படித்தார். பெரும்பகுதி சரியாகத்தான் இருந்தது. சில இடங்களில் மட்டும் கூட்டிச் சேர்த்திருந்தார்கள். அந்த இடங்களைப் பட்டியலிட்டு, பேதுருவை ஏற்கிறோம், அவர் பெயரைப் பொய்யாகத் தாங்கியதை ஏற்கமாட்டோம் என்று சபைக்கு எழுதினார். இதை நமக்குப் பாதுகாத்துத் தந்தவர் சரித்திர ஆசிரியர் யூசேபியஸ்.

1886-87 குளிர்காலத்தில் எகிப்தின் அக்மீமில், ஒரு துறவியின் கல்லறையிலிருந்து அந்த நற்செய்தியின் ஒரு பகுதி வெளியே வந்தது. பெரும்பாலான அறிஞர்கள் அது செராப்பியோன் படித்த நூல்தான் என்கிறார்கள். சிலுவையில் ஆண்டவர் வேதனையே இல்லாதவர் போல மௌனமாக இருந்தார் என்று அதில் ஒரு வரி வருகிறது. செராப்பியோனின் விரல் எங்கே நின்றிருக்கும் என்று யோசித்தால் எனக்குப் பரவசமாக இருக்கிறது! அந்த வரி வேறு விதமாகவும் பொருள்படும் என்பதையும் மறக்காதீர்கள். நூலை எழுதியவர் தவறான போதகர்தானா, அல்லது படித்தவர்கள் அப்படிப் பயன்படுத்திக்கொண்டார்களா என்பது இன்றும் திறந்த கேள்வி.

ஒரு மாநாட்டில் வாக்கெடுத்துத் தீர்த்ததாகச் சொல்லும் கதையை விட்டுவிடுங்கள். 325-ல் நிசேயாவில் இயற்றிய 20 விதிகளில் நூல்பட்டியல் கிடையாது. அதே காலத்தவரான யூசேபியஸ், வெளிப்படுத்தல் நூலை எங்கே வைப்பது என்று தெரியாமல், எல்லாரும் ஏற்கும் நூல்களோடும் வைக்கிறார், தள்ளுபடி வரிசையிலும் வைக்கிறார். இரண்டு இடத்திலும் “அப்படித் தோன்றினால்” என்ற பொருளில் ஒரு குறிப்பு வேறு! ‘மேய்ப்பன்’ அவர் கணக்கில் தள்ளுபடி.

நம்முடைய 27 நூல்களும் கூடாமல் குறையாமல் முதலில் தெரியும் இடம் 367. அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியஸ் ஆண்டுதோறும் ஈஸ்டர் தேதியை அறிவித்துச் சபைகளுக்குக் கடிதம் எழுதுவார். அந்த வரிசையின் 39-ம் கடிதத்தில்தான் இந்தப் பட்டியல். அதற்குக் கீழே தனியாக இன்னொன்று: திருமுறையில் சேராதவை, ஆனால் புதிதாக விசுவாசத்துக்கு வருவோர் படிப்பதற்கென்று முன்னோர் வைத்தவை. சாலொமோனின் ஞானம், தொபித்து, அப்போஸ்தலரின் போதனை என்று போகும் அந்த வரிசையில் கடைசியாக நிற்கிறது நம் ‘மேய்ப்பன்’.

அந்தக் கடிதமும் எல்லாச் சபைகளையும் கட்டுப்படுத்தவில்லை. சிரியாக் மொழியின் பெஷீத்தா புதிய ஏற்பாட்டில் 22 நூல்களே இருந்தன. 2 பேதுரு, 2 மற்றும் 3 யோவான், யூதா, வெளிப்படுத்தல் ஆகியவை சிரியாக்கில் சேர்ந்தது 6-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த மொழிபெயர்ப்பில்தான். கீழைத் திருச்சபையின் ஆராதனை வாசகங்கள் இன்றும் அந்த 22 நூல்களிலிருந்தே எடுக்கப்படுகின்றன.