'வாங்கலாம்' என்ற சிபாரிசின் கடைசிப் பக்கம்

பங்குத் தரகு நிறுவனம் அனுப்பும் ஆய்வறிக்கையின் முதல் பக்கத்தில் 'வாங்கலாம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கடைசிப் பக்கத்தில் யாரும் படிக்காத பொடி எழுத்துப் பத்திகள் இருக்கும். அந்தப் பொடி எழுத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு.

டாட்காம் மோகம் உச்சத்தில் இருந்தபோது, அமெரிக்காவின் மெரில் லிஞ்ச் நிறுவனத்தில் இணையப் பங்குகளை ஆராய்ந்தவர் ஹென்றி பிளாட்ஜெட். அங்கே மதிப்பீட்டுக்கு ஐந்து படிகள் இருந்தன. ஒன்று என்றால் வாங்கு, மூன்று என்றால் நடுநிலை, ஐந்து என்றால் விற்றுவிடு. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் துருவியபோது, பிளாட்ஜெட்டின் குழு நான்கையோ ஐந்தையோ கொடுத்ததே இல்லை என்று தெரியவந்தது. பங்கு படுத்துவிட்டால், சத்தமில்லாமல் அதைப் பற்றி எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். ஆக, அந்த அளவுகோலில் பாதி வெறும் அலங்காரம். இன்ஃபோஸ்பேஸ் என்ற பங்குக்கு வெளியே உயர்ந்த மதிப்பீடு. உள்ளே ஓடிய மின்னஞ்சலிலோ அது குப்பை.

காரணம் எளிது. அறிக்கை எழுதுவதில் பெரிய வரும்படி இல்லை. புதுப் பங்கு வெளியீட்டையும் நிறுவன இணைப்பையும் நடத்திக்கொடுத்தால்தான் பெரிய கட்டணம் வரும். 'விற்றுவிடு' என்று எழுதியவர்களிடம் எந்த நிறுவனம் அந்த வேலையைக் கொடுக்கும்? 2002-ல் மெரில் லிஞ்ச் 10 கோடி டாலர் கட்டியது. தவறு செய்ததாக மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு பிளாட்ஜெட்டுக்குப் பங்குத் தொழிலில் ஆயுள் தடை வந்தது.

அதன்பின் அமெரிக்க அறிக்கைகளில் ஒரு சிறு கணக்கு கட்டாயமானது. தங்கள் மதிப்பீடுகளில் வாங்கு எத்தனை சதவீதம், விற்பனை எத்தனை சதவீதம், ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் தங்கள் முதலீட்டு வங்கி வாடிக்கையாளர்கள் என்று அச்சிட வேண்டும். உதாரணத்துக்கு, நூறில் எழுபது 'வாங்கு', மூன்றே மூன்று 'விற்பனை' என்று இருந்தால், அந்த 'வாங்கு' பெரிய பாராட்டு அல்ல. மூன்றில் ஒருவர்கூட வாடிக்கையாளர் இல்லையென்றால், அதையும் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் செபி 2014-ல் ஆய்வாளர்களுக்கு விதிமுறை கொண்டுவந்தது. அந்தப் பங்கில் ஒரு சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருக்கிறார்களா, கடந்த பன்னிரண்டு மாதத்தில் அந்த நிறுவனத்திடம் பணம் வாங்கினார்களா என்பதையெல்லாம் சொல்லியாக வேண்டும். அறிக்கையைக் கடைசியிலிருந்து படிக்கத் தொடங்குவது என் வழக்கம்.

ஆனால் எல்லா நெருக்கடியும் பொடி எழுத்தில் வராது. கடுமையாக எழுதிய ஆய்வாளரின் தொலைபேசியை நிறுவன அதிகாரிகள் எடுக்காமல் போகலாம். அது எந்தப் பத்தியிலும் இருக்காது. அதனால்தான் பலர் மதிப்பீட்டைத் தொடாமல் இலக்கு விலையை மட்டும் குறைப்பார்கள். பழைய அறிக்கைகளை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். 500 ரூபாய் இலக்கு 430 ஆகி, பிறகு 360 ஆகியும் தலைப்பு 'வாங்கலாம்' என்றே இருந்தால், ஆய்வாளரின் உண்மையான கருத்து அந்த எண்களில் இருக்கிறது.