சிவந்த காலும் குளிர் காய்ச்சலும்

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் எனக்கு உடல் நடுங்கத் தொடங்கியது. மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். புழுக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தபோது காய்ச்சல் 102 டிகிரி. மழைக்காலம்தானே, வகுப்பில் பாதிப் பேருக்குச் சளி காய்ச்சல், எனக்கும் அதுதான் என்று நினைத்து ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். சளியும் இல்லை, இருமலும் இல்லை என்பதை அப்போது யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் இடது முழங்காலுக்குக் கீழே வலித்தது. முந்தைய நாள் படியில் கால் இடறியது நினைவுக்கு வர, சுளுக்கு என்று முடிவுகட்டினேன். மனைவி தைலம் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். மாத்திரை போட்டால் காய்ச்சல் இறங்கியது, ஆறு மணி நேரத்தில் மீண்டும் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை மாலை வினாத்தாள் கட்டை வாங்க வந்த அறிவியல் ஆசிரியை என் காலைப் பார்த்துவிட்டு, "சார், சுளுக்குன்னா காய்ச்சல் ஏன் வருது?" என்று கேட்டார். பிறகு, தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்றார். இருந்தது. தேர்வு முடியட்டும், புதன்கிழமை போய்க்கொள்ளலாம் என்றேன். அவர் விடவில்லை. அன்றிரவே தாலுகா மருத்துவமனைக்குப் போனோம்.

மருத்துவர் முதலில் இரண்டு கால்களையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். இடது கால் மட்டும் சூடாக இருந்தது. நம்மைப் போன்ற கருத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, கருஞ்சிவப்பாகவோ நிறம் சற்றுக் கூடியது போலவோதான் இருக்கும். அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் சூடு, வீக்கம், தோல் இழுத்துப் பிடித்தது போன்ற மினுமினுப்பு, தொட்டால் வலி ஆகியவற்றை மற்றக் காலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார். பிறகு சிவப்பு முடியும் எல்லை நெடுகப் பேனாவால் ஒரு கோடு வரைந்து, பக்கத்தில் இரவு 7.40 என்று எழுதினார். வரைபடப் பாடம் நடத்துகிற என் காலிலேயே ஓர் எல்லைக்கோடு!

இந்த நோய்க்குச் செல்லுலைட்டிஸ் என்று பெயர். தோலின் உள்ளடுக்கிலும் அதற்கடியில் உள்ள கொழுப்பு அடுக்கிலும் பாக்டீரியா புகுந்து பரவுவதுதான் அது. பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், சில நேரம் ஸ்டஃபிலோகாக்கஸ். கட்டி போல ஓரிடத்தில் சீழ் கோத்து நிற்காமல், ஈரம் துணியில் ஊறுவது போலப் படர்வதால்தான் எல்லைக்கோடு தேவைப்படுகிறது. பலருக்குக் கால் சிவப்பதற்குச் சில மணி நேரம் முன்பே குளிர் காய்ச்சல் வந்துவிடும். எனக்கும் அப்படித்தான் வந்தது, நான்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. பாராசிட்டமால் காய்ச்சலைக் குறைக்குமே தவிரக் கிருமியைத் தொடாது. இடையில் கிடைத்த அந்த ஆறு மணி நேர நிம்மதிதான் என்னை இரண்டு நாள் ஏமாற்றியது.

எங்கே புண் பட்டது என்று மருத்துவர் கேட்டார். எங்கும் இல்லை என்றேன். அவர் என் கால்விரல்களை விரித்துப் பார்த்தார். கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவில் தோல் வெளுத்து, ஊறி, வெடித்திருந்தது. சேற்றுப்புண். ஈரக் காலணியோடு நாள் முழுதும் நின்று பாடம் நடத்தியதில் ஒரு மாதமாக அரித்துக்கொண்டிருந்தது, நான் அதை ஒரு நோயாகவே எண்ணியதில்லை. பாக்டீரியா உள்ளே நுழைய அந்த வெடிப்பே போதும். குதிகால் பித்தவெடிப்பு, கொசுக்கடியைச் சொறிந்த காயம், முள் குத்திய இடம் எல்லாமே இப்படி வாசலாகலாம். யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கு நிணநீர் வடிகால் கெட்டிருப்பதால் இது திரும்பத் திரும்ப வரும்.

இரத்தச் சர்க்கரை 280 என்று வந்தது. எனக்கு நீரிழிவு இருப்பதே அன்றுதான் தெரிந்தது. உள்நோயாளியாகச் சேர்த்து, நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். காய்ச்சலோ நடுக்கமோ நீரிழிவோ இல்லாமல் சிறிய சிவப்பு மட்டும் இருப்பவர்களுக்கு மாத்திரையே போதுமாம்.

மறுநாள் காலை எழுந்து பார்த்தால் சிவப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரல் அகலம் மேலே ஏறியிருந்தது. மருந்து வேலை செய்யவில்லை என்று பயந்துவிட்டேன். முதல் ஒன்றிரண்டு நாள் சிவப்பு கொஞ்சம் கூடுவது உண்டு, காய்ச்சல் இறங்குகிறதா, வலி குறைகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். இரண்டும் குறைந்திருந்தன. மூன்றாம் நாள் சிவப்பு கோட்டுக்குள் திரும்பியது. காலைத் தலையணைகளின் மேல் இடுப்புக்கு மேலாக உயர்த்தி வைக்கச் சொன்னார்கள். வீக்கம் வடிய அது மருந்துக்கு இணையாக உதவியது. தைலம் தேய்ப்பதும் அழுத்திப் பிடிப்பதும் அறவே கூடாது என்றும் சொன்னார்கள். மனைவி என்னைப் பார்க்க, நான் சுவரைப் பார்த்தேன்.

அடுத்த கட்டிலில் ஒரு விவசாயத் தொழிலாளி சேர்ந்தார். அவர் காலைப் பார்த்தால் என் கால் அளவுக்குக்கூடச் சிவப்பில்லை, ஆனால் வலி தாங்காமல் கத்தினார். அன்று பிற்பகலே தோல் நீலம் பாய்ந்து கொப்புளம் கிளம்பியது. உடனே ஆம்புலன்சில் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தோலுக்கும் அடியில் தசையுறை வரை கிருமி போய் அழுகச்செய்யும் வகை அது, அறுவை செய்து அழுகியதை நீக்காமல் மருந்து மட்டும் போதாது என்று செவிலியர் சொன்னார். பார்ப்பதற்குச் சிறிதாக இருந்தும் தாங்க முடியாத வலி, கருநீல நிறம், கொப்புளம், மரத்துப்போதல், மணிக்கணக்கில் பரவுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும் வரைகூடக் காத்திருக்கக் கூடாது. கிருமி இரத்தத்தில் கலந்தால் மூச்சு வாங்கும், பேச்சு குழறும், சிறுநீர் குறையும். அப்போதும் அப்படித்தான்.

காய்ச்சல் இல்லாமல் ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தால் அது இரத்தநாளத்தில் உறைகட்டியாக இருக்கலாம். அதுவும் அன்றே பார்க்க வேண்டியதுதான், அதையும் தேய்க்கக் கூடாது. எது எது என்று வீட்டில் பிரித்தறிய முயல வேண்டாம்.

ஐந்தாம் நாள் வீடு திரும்பினேன். மாத்திரைகளை நாள் குறையாமல் முடித்தேன். தோல் உரிந்தது. மாலையில் வீங்கும் கணுக்கால் சரியாக ஆறு வாரம் ஆயிற்று. சேற்றுப்புண்ணுக்குக் கொடுத்த பூஞ்சைக் களிம்பை, அரிப்பு நின்ற பிறகும் இரண்டு வாரம் தொடர்ந்து பூசினேன். ஒருமுறை வந்த காலில் இது மீண்டும் வரக்கூடும் என்பதால் வாசலை அடைத்து வைப்பதுதான் வழி.

பள்ளிக்குத் திரும்பியபோது, இது ஒட்டிக்கொள்ளுமா என்று ஒரு பெற்றோர் கேட்டார். தொட்டால் ஒட்டும் நோய் அல்ல, தனித்து உட்கார வேண்டியதில்லை என்றேன். பிறகு பிள்ளைகளின் கால்களையும் கவனிக்க ஆரம்பித்தேன். ஆறாம் வகுப்பில் ஒரு மாணவன், சொறிந்த கொசுக்கடியைச் சுற்றி உள்ளங்கை அகலச் சூட்டோடும் காய்ச்சலோடும் வந்தான். பேனாவால் கோடு வரைந்து, மணி 10.15 என்று எழுதி, அவன் அம்மாவை வரவழைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். அவனுக்கு மாத்திரையே போதுமானதாக இருந்தது. நான்காம் நாள் கோடு அழியாமல் வகுப்புக்கு வந்து, எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான்.