ஜூலை இரவின் வெந்நீர்க் கணக்கு

நம்மூர் சர்க்கரை ஆலைகளில் இணை மின் உற்பத்தி என்று சொல்வார்களே, அதையே இங்கிலாந்தின் பல மருத்துவமனைகள் இயற்கை எரிவாயு எஞ்சினை வைத்துச் செய்கின்றன. எஞ்சின் ஜெனரேட்டரைச் சுற்றி மின்சாரம் தருகிறது. அதைக் குளிர்விக்கும் நீரிலும் புகையிலும் வீணாகும் சூட்டைப் பிடித்து, குளியல் வெந்நீருக்கும் வார்டுகளைக் கதகதப்பாக்கவும் அனுப்புகிறார்கள். எரிவாயுவின் ஆற்றலில் 38 சதவீதம் மின்சாரமாகவும் 44 சதவீதம் வெப்பமாகவும் கிடைப்பது நடுத்தர எஞ்சினுக்குச் சாதாரணம். அதாவது, 600 கிலோவாட் மின்சாரம் வந்தால் கூடவே சுமார் 700 கிலோவாட் வெப்பம் வரும். வெப்ப மின் விகிதம் 1.17.

எவ்வளவு பெரிய எஞ்சின் வாங்குவது? ஒரு கற்பனை மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1.6 கோடி யூனிட் வெப்பம், 70 லட்சம் யூனிட் மின்சாரம் செலவாகிறது. விகிதம் 2.3. வெப்பத்தை ஆண்டின் 8,760 மணி நேரத்தால் வகுத்தால் சராசரி சுமார் 1,800 கிலோவாட். அந்த அளவு வெப்பம் தரும் எஞ்சினை வாங்கிவிடலாம் என்று தோன்றும். அந்த எஞ்சின் 1,550 கிலோவாட் மின்சாரம் தரும். மருத்துவமனைக்கோ பகலில் 1,000, இரவில் 600 கிலோவாட்தான் வேண்டும்!

சராசரி இங்கே ஏமாற்றுக்காரன். ஜனவரிப் பகலில் வெப்பத் தேவை 4,000 கிலோவாட், விகிதம் 4. ஜூலை இரவில் ஹீட்டர்கள் அணைந்து, வெந்நீர்க் குழாய்களைச் சூடாக வைத்திருக்க மட்டும் 500 கிலோவாட் போதும், விகிதம் 0.8. ஆண்டு முழுக்க 2.3 என்ற விகிதத்திலேயே ஓடும் மருத்துவமனை எங்கும் கிடையாது.

அதனால் மணிக்கு மணி எடுத்த வெப்ப அளவுகள் எல்லாவற்றையும் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி ஒரு வரைபடம் போடுகிறார்கள். நம் உதாரணத்தில், 700 கிலோவாட்டுக்குக் குறையாமல் வெப்பம் தேவைப்படும் நேரம் 7,500 மணி என்று அது காட்டுகிறது. பராமரிப்புக்கும் பழுதுக்கும் 500 மணி போனாலும் 600 கிலோவாட் எஞ்சின் 7,000 மணி முழுச் சுமையில் ஓடும். 42 லட்சம் யூனிட் தரும். ஆண்டுக்கு 4,500 அல்லது 5,000 மணிக்கு மேல் ஓடாத எஞ்சின் கட்டுப்படியாகாது என்பது பிரிட்டனில் பழகிய கணக்கு.

பெரிய எஞ்சினோ பாதிச் சுமைக்குக் கீழே ஓட விரும்பாது. ஆகவே இரவில் நிறுத்த வேண்டும். பகலிலும் வெப்பம் போதுமான அளவு தேவைப்படும் 4,000 மணி நேரம் மட்டும், 1,000 கிலோவாட்டில் ஓடினால் 40 லட்சம் யூனிட். இரண்டரை மடங்கு எஞ்சின், உற்பத்தி குறைவு. போதாக்குறைக்குத் தினமும் நிறுத்தித் தொடங்கும் தேய்மானம்.

மிஞ்சும் வெப்பத்தைக் காற்றில் விட்டுவிட்டு ஓட்டினால் என்ன? மின்சாரம் யூனிட் 18 பென்ஸ், எரிவாயு 6 பென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 600 கிலோவாட் எஞ்சின் ஒரு மணி நேரத்தில் மிச்சப்படுத்தும் மின்கட்டணம் 108 பவுண்டு. எரிவாயுவுக்கு 95, பராமரிப்புக்கு 9 போக மிஞ்சுவது வெறும் 4 பவுண்டு. அந்த வெப்பத்தைப் பயன்படுத்தினால் பாய்லருக்கான எரிவாயுவில் இன்னும் 49 பவுண்டு மிச்சம். லாபம் என்று பார்த்தால் வெப்பத்தில்தான் இருக்கிறது. மின்சாரம் செலவை ஈடுகட்டுகிறது, அவ்வளவே.

கணக்கு தப்பும் இடங்களும் இருக்கின்றன. பாய்லரின் எரிவாயு பில்லையே வெப்பத் தேவை என்று எடுத்துக்கொள்வது ஒன்று. பாய்லரிலேயே வீணாவது அதில் அடக்கம். சலவைக்கும் கருவிகளின் கிருமி நீக்கத்துக்கும் போகும் நீராவியைக் கழிக்காமல் விடுவது இன்னொன்று. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் 90 டிகிரி அளவில்தான் வரும், அதில் நீராவி கிடைக்காது. புகையின் சூட்டில் மட்டுமே எடுக்கலாம். கட்டடத்தைச் சுற்றித் திரும்பி வரும் நீர் 70 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தாலும் சிக்கல். எஞ்சின் குளிர முடியாமல் தானே நின்றுவிடும்.

ஓடத் தொடங்கிய பின் அளவு சரியா என்று அறிய, ஆண்டு முடிவில் வெப்ப மீட்டரை மின் மீட்டரால் வகுத்துப் பார்க்கலாம். 1.17க்குப் பதிலாக 0.8 வந்தால், மீதி வெப்பத்தை வெளியே உள்ள ரேடியேட்டரின் விசிறிகள் ஊதித் தள்ளியிருக்கின்றன. ஆனால் மீட்டரை எங்கே பொருத்தியிருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் இருந்தால், வீணானதையும் சேர்த்தே எண்ணி 1.17 என்று காட்டும்.